கரம் விதிகளை ஒரு தாளில் எழுதினேன்

எங்கட வீட்டுக் கரத்தில வெள்ளைக்கு 10, கறுப்புக்கு 5, சிவப்புக்கு 50. அந்தக் கணக்கோடதான் முதல் சுற்றுப்போட்டிக்குப் போனன். எனக்கு வெள்ளை. ஏழு காய் போட்டு, சிவப்பையும் மூடிவிட்டன். எதிராளி ஒன்பது கறுப்பையும் முடிச்சான். 120க்கு 45, வென்றது நான்தான் என்று எழும்பினன். நடுவர் அவனுக்கு 2 புள்ளி எழுதினார்; எனக்குப் பூச்சியம்.

இப்போ தம்பி போட்டிக்குப் போகிறான். விதிப்புத்தகத்தை அவனுக்காகச் சுருக்கினேன்.

நோக்கம்: உன் நிறத்து ஒன்பது காயையும் முதலில் போடுவது.

முறை: வெள்ளைக்காரர் தொடங்குவார். உன் காய் விழும்வரை நீயே அடிக்கலாம், தவறினால் மற்றவர். ஸ்ட்ரைக்கர் மட்டும் குழிக்குள் விழுந்தால் முறையும் போகும், போட்ட காய் ஒன்றும் நடுவுக்குத் திரும்பும்.

புள்ளி: வென்றவருக்கு மட்டுமே. தோற்றவரின் மிச்சக் காய் ஒன்றுக்கு 1. வென்றவரே சிவப்பை மூடியிருந்தால் இன்னும் 3. என் மிச்சம் இரண்டு, அதனால்தான் அவனுக்கு 2. சிவப்பும் அவனிடம் இருந்திருந்தால் 5. முதலில் 25 எடுப்பவருக்கு ஆட்டம்.

வழமையான பிழை: சிவப்பைப் போட்டதோடு ஆறுதலாக இருப்பது. அடுத்த அடியிலேயே உன் காய் விழவேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு நடுவுக்குப் போய்விடும்.

தம்பி வாசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப அண்ணா, சிவப்புக்குப் பின்னால ஓடுறதவிட காயை முடிக்கிறதுதானே முக்கியம்?"

அன்றைக்கு எனக்கு விளங்காதது அதுதான்.