யாருடைய வாசிப்பு?

2021இல் வெளிவந்த 'ரோட்ரன்னர்' என்ற டாகுமெண்டரி ஆந்தனி போர்டெயினைப் பற்றியது. சமையல்காரராக இருந்து எழுத்தாளராகவும் தொலைக்காட்சிப் பயணியாகவும் ஆனவர் அவர். 2018இல் தற்கொலை செய்துகொண்டார். மார்கன் நெவில் எடுத்த இப்படத்தில் ஓர் இடம் வருகிறது. போர்டெயினிடமிருந்து வந்த மின்னஞ்சலை அவருடைய நண்பரும் ஓவியருமான டேவிட் சோ வாய்விட்டுப் படிக்கத் தொடங்குகிறார். சோவின் குரல் மெல்லத் தேய்கிறது. போர்டெயினின் குரல் அதே கடிதத்தைத் தொடர்கிறது.

போர்டெயின் அந்தக் கடிதத்தை எழுதினாரே தவிர ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அவர் பேசிய பல மணிநேர ஒலிப்பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து அந்தக் குரலைச் செய்திருந்தார்கள். படத்தில் இது எங்கும் சொல்லப்படவில்லை. படம் வெளிவந்த சமயத்தில் பேட்டிகளில் டைரக்டரே சொன்ன பிறகுதான் தெரிந்தது. உரியவர்களைக் கேட்டேன் என்றார் அவர். போர்டெயினின் மனைவியாக இருந்த ஒட்டாவியா புஸியாவோ, சம்மதம் சொன்னது நிச்சயமாகத் தான் இல்லை என்று பகிரங்கமாக மறுத்தார்.

சர்ச்சை முழுக்க யார் அனுமதி தந்தார்கள் என்பதைச் சுற்றியே நடந்தது. எனக்கு உறுத்தியது வேறு. நேர்மையான ஒரு வாசகர் படத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் பெற்றவர் அதைப் படிக்கிறார். 'எனக்கு இது வந்தது, என் காதில் இப்படித்தான் விழுந்தது' என்பதே அந்தக் குரலின் பொருள். போலிக் குரல் உள்ளே வந்ததும், 'அவர் இப்படித்தான் சொன்னார்' என்று அது மாறிவிடுகிறது. எழுதியபோது அவர் கசந்திருந்தாரா, தன்னையே கேலி செய்துகொண்டாரா, வெறுமனே அலுத்திருந்தாரா என்பது கடிதத்தில் தீர்மானமாகவில்லை. குரல் அதைத் தீர்மானித்துவிட்டது. அந்தத் தீர்மானம் படத்தை எடுத்தவர்களுடையது. பழி மட்டும் இறந்தவர் பேரில்.

இது தூரத்து விவகாரமாக இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். சென்ற வருஷம் நண்பர்கள் சிலர், மறைந்துபோன ஒரு கவிஞரைப் பற்றி அரைமணிநேர வீடியோ ஒன்று தயாரித்தார்கள். அவர் ஒரு கூட்டத்தில் பேசிய காஸெட் எங்களிடம் உண்டு. கவிதைகளை அவர் வாசித்த பதிவு எதுவும் கிடையாது. காஸெட்டிலிருந்து குரலை எடுத்துக் கவிதைகளை அவரையே வாசிக்கச் செய்யலாம் என்றார் ஒருவர். பரீட்சார்த்தமாக ஒன்றைச் செய்தும் காட்டினார். இதற்கு ஒன்றிரண்டு நிமிடப் பேச்சு போதும். சம்மதம் என்ற விஷயம், 'இக்குரலைப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டு' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடிப்பதோடு முடிந்துவிட்டது.

கேட்டேன். தொண்டையின் கரகரப்பு அவருடையதே. ஆனால் இந்த முறையில் மாதிரியிலிருந்து எடுக்கப்படுவது பெரும்பாலும் குரலின் நிறம்தான். எங்கே நிற்பது, எதை அழுத்துவது என்பதை யந்திரம் தான் ஏற்கெனவே பயின்ற ஏராளமான பிறர் பேச்சிலிருந்து சராசரியாகப் போட்டுக்கொள்கிறது. அவர் வரியை உடைத்த இடங்களில் குரல் நிற்காமல் ஓடியது. வாக்கியம் முடியும் இடத்தில் செய்தி வாசிப்பவர் மாதிரி இறங்கியது. போலியைக் கண்டுபிடிக்கக் குரலை உற்றுக் கேட்டுப் பயனில்லை, மௌனங்களைக் கேட்க வேண்டும்.

ஒரு கவிதையில் 'பாவம்' என்ற சொல் தனி வரியாக நிற்கிறது. நம் எழுத்தில் அது பாபமாகவும் இருக்கலாம், இரக்கச் சொல்லாகவும் இருக்கலாம், நாட்டியக்காரியின் முகத்தில் தெரியும் 'பா(bh)வ'மாகவும் இருக்கலாம். முன்வரிகள் எதையும் உறுதி செய்வதில்லை. அந்தக் கவிதையே இந்த நிச்சயமின்மையில்தான் நிற்கிறது. யந்திரம் வல்லெழுத்தாக உச்சரித்து நாட்டியத்தை வெளியே தள்ளிவிட்டது. வாய்விட்டுப் படிக்கிற யாரும் ஏதோ ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். நான் தேர்ந்தால் அது என் வாசிப்பு, சண்டைக்கு வரலாம். கவிஞரின் குரலிலேயே வந்துவிட்டால், ஐம்பது வருஷம் கழித்துக் கேட்பவனுக்கு அது பாடபேதமே இல்லாத சாட்சியம்.

அவருடைய மகனிடம் அனுமதி வாங்கிவிடலாமே என்றார்கள். வாங்கலாம். ஆனால் எதற்கு? ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவது பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல், ஒருவருடைய அந்தரங்கமும் புகழும் அவரோடு முடிகின்றன, சொத்துப்போல வாரிசுக்கு இறங்குவதில்லை என்ற நிலையை எடுத்தது. பதிப்புரிமை மகனுக்கு உண்டு. அச்சிடவும் வாசிக்கவும் அவர் அனுமதிக்கலாம். தகப்பனார் 'பாவ'த்தை எப்படி உச்சரித்திருப்பார் என்பது அவர் கையில் இல்லை.

உயிரோடிருப்பவர் விஷயம் மேலும் தெளிவாகிறது. லேர்மன், சேஜ் என்ற இரு அமெரிக்கக் குரல் நடிகர்கள் 'லோவோ' என்ற நிறுவனத்தின்மேல் 2024இல் வழக்குத் தொடுத்தார்கள். ஒருவரிடம் ஆராய்ச்சிக்கு என்றும், மற்றவரிடம் வானொலி விளம்பரப் பரிசோதனைக்கு என்றும் சொல்லிப் பதிவு வாங்கிக்கொண்டு, வேறு பெயர்களில் தங்கள் குரல்களை வீடியோ வர்ணனைக்கு விற்றார்கள் என்பது அவர்கள் புகார். 2025இல் நியூயார்க் நீதிமன்றம், குரல் என்பதற்கே பதிப்புரிமை கிடையாது என்றது. ஆனால் ஒப்பந்த மீறல், மாநிலச் சட்டம் தரும் ஆளுமை உரிமை ஆகியவற்றின் பேரில் வழக்கு தொடரலாம் என்றது. அதாவது, பிடிமானம் தருவது குரல் அல்ல. எதற்காகக் கொடுத்தோம் என்ற சொல்.

வங்கியில் இது எனக்குத் தினசரிப் பழக்கம். வாடிக்கையாளர் மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது எங்களிடம் இருக்கிறது, அவருக்காகக் கையெழுத்துப் போட அல்ல. ஒவ்வொரு காசோலையிலும் அவரே கையெழுத்துப் போட வேண்டும். சம்மதம் என்பது குரலுக்கு மொத்தமாகத் தருவதல்ல, வாக்கியத்துக்கு வாக்கியம் தருவது. இறந்தவர் புதிய வாக்கியத்துக்குச் சம்மதிக்க முடியாது.

கடைசியில் கவிதைகளை நான் வாசித்தேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிந்தோம். தப்பும் திருத்தமுமாக உள்ள மூலப்பதிவை வெட்டாமல் தேதியோடு வைத்திருக்கிறோம். காஸெட்டில் உள்ள அவர் பேச்சு, காஸெட் என்று தெரியும்படி இரைச்சலோடு அப்படியே வருகிறது.

சொந்தக் குரல் முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. வெளியிட்ட எந்தக் குரலையும் எவனும் நகலெடுக்கலாம். வேலை மிச்சமென்று நம் குரலை நாமே ஒரு சேவையில் ஏற்றிவிட்டால், ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தில் அதை எழுதிக் கொடுத்தோம் என்பது பின்னால்தான் தெரியவரும். ஆனால் நானே படித்துப் பதிந்ததில் ஒரு வித்தியாசம் உண்டு. யார் பேசியது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. நான் 'பாவ'த்தை மெல்லொலியாக, நாட்டியத்தின் பக்கமாக வாசித்திருக்கிறேன். அது சரியில்லை என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சண்டை என்னோடு. கவிதை பக்கத்தில் எழுதப்பட்டபடியே கிடக்கிறது.