பதினெட்டு நிமிடப் பேச்சும் ஒரு தாளும்

அலுவலகத்தில் நான் அதிகம் எழுதியது கூட்டக் குறிப்புதான். இரண்டு மணி நேரம் பேசுவார்கள். மறுநாள் காலை மேசைக்கு ஒன்றரைப் பக்கம் போக வேண்டும். அதில் வலது ஓரத்துக் கட்டத்தில் "யார் செய்ய வேண்டும்" என்று ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வேலை நடக்காது என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து அதே வேலை ஒரு கால்பந்து அணிக்காக என்னிடம் வந்தது.

பக்கத்து வீட்டுப் பேரன் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறான். உப்பளம் பக்கம் பயிற்சி. அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்னால் அவனுக்குக் காய்ச்சல், கோச் பேசிய கூட்டத்துக்குப் போக முடியவில்லை. வழக்கமாக வலது பின்களத்தில் ஆடும் பையனுக்குக் கணுக்கால் சுளுக்கு என்பதால் இவன்தான் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்தே இறங்கப் போகிறான். கோச் தன் சட்டைப்பையில் போனை வைத்துப் பதிவு செய்து குழுவில் போட்டுவிட்டார். பதினெட்டு நிமிடம். "தாத்தா, நாலு தடவை கேட்டேன். என்ன செய்யணும்னே புரியல" என்று வந்து நின்றான். கோச்சுக்குப் போன் போட்டேன். "ஐயா, எழுதிக் குடுத்தீங்கன்னா எல்லாப் பசங்களுக்குமே குடுத்துடலாம்" என்றார்.

என்னைப் போல பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு "ரெஸ்யூமே" நினைவிருக்கும். கொடுத்த பாடத்தை நாலில் ஒரு பங்காகக் குறுக்க வேண்டும். ஆசிரியர் சொன்ன வரிசை மாறக்கூடாது, நம் கருத்து ஒரு சொல்கூட நுழையக்கூடாது. வார்த்தை எண்ணி ஓரத்தில் எழுத வேண்டும், பத்து சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ மட்டும் மன்னிப்பு. "கோன்த் ரான்தூய்" என்பது வேறு: அதில் விஷயத்தைத் தேவைக்கு ஏற்ப மாற்றி அடுக்கலாம். கோச் பேச்சுக்கு ரெஸ்யூமே உதவாது. அவர் மூன்றாவது நிமிடத்தில் ஆரம்பித்ததைப் பதினான்காவது நிமிடத்தில் முடிப்பார். வரிசையைக் காப்பாற்றினால் பையன் குழம்புவான். வரிசையை உடைக்க வேண்டும், ஆனால் நம் சரக்கைச் சேர்க்கக்கூடாது. இரண்டு பள்ளிப் பாடத்திலிருந்தும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டேன்.

முதல் தடவை பேனாவைத் தொடாமல் கேட்டேன். இரண்டாவது தடவை ஒரு நோட்டில் நாலு பத்தி போட்டேன்: எத்தனையாவது நிமிடம், யாருக்கு, என்ன, எப்போது. கடைசிப் பத்திதான் முக்கியம் என்பது பிறகு தெரிந்தது.

"யாருக்கு" என்பதிலேயே முதல் முட்டுக்கட்டை. கோச் பேசும்போது தரையில் சோடா மூடிகளை வைத்து நகர்த்துகிறார், அந்தச் சத்தம் கேட்கிறது. "இவன இங்க இழுத்துட்டு வந்துட்டா அந்த எடம் காலி. நீ பூந்துடு" என்கிறார். எதிரில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அது வெட்ட வெளிச்சம். பதிவில் கேட்பவனுக்கு "இவன்" யார், "இங்க" எங்கே, "நீ" யார், ஒன்றும் தெரியாது. நம் மொழியில் "நீ" என்ற ஒரு எழுத்துக்குப் பின்னால் பதினோரு பேர் ஒளிந்துகொள்ளலாம். ஊகித்து எழுதுவது ஆபத்து, தப்பான பையன் தப்பான இடத்துக்கு ஓடுவான். நிமிடத்தைக் குறித்து வைத்து, கூட்டத்தில் இருந்த கேப்டன் பையனை வரச்சொல்லி அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். ஒரு நொடியில் சொல்லிவிட்டான்: நம் 9 முன்னாலிருந்து நடுக்களத்துக்கு இறங்கி வர வேண்டும், அவனைப் பிடிக்கும் எதிரணி 5 கூடவே வருவான், அவன் விட்டுவிட்டு வந்த இடத்தில் நம் 7 ஓட வேண்டும். இப்படி ஆறு இடம். ஐந்தைக் கேப்டன் தீர்த்தான். ஒன்றைக் கோச்சிடம் விட்டோம்.

அடுத்தது திட்டு. பதினெட்டு நிமிடத்தில் பாதிக்கு மேல் திட்டும் உற்சாகமும்தான். அதையெல்லாம் அடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். "போன வாரம் கார்னருக்கு எல்லாரும் கல்யாணப் பந்திக்கு ஓடற மாதிரி ஓடினீங்களே, பின்னாடி யாருடா இருந்தது?" என்று ஒரு இடத்தில் கத்துகிறார். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதற்குள் ஒரு உத்தரவு இருக்கிறது: நம் கார்னரின்போது குறைந்தது இரண்டு பேர் பாதிக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பேச்சில் வேறு எங்கும் அது நேராகச் சொல்லப்படவில்லை. "யாருடா இருந்தது" என்ற கேள்விக்கு அடுத்த மூச்சில் "நாலும் ரெண்டும்" என்று மெதுவாக ஒரு குரல், கோச்சுடையதுதான். நம் 4, நம் 2. அந்த 2தான் பக்கத்து வீட்டுப் பேரன். திட்டு என்று அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தால் அவனும் கார்னருக்கு மேலே ஓடியிருப்பான்.

எது வெறும் உற்சாகம், எது உத்தரவு என்று பிரிக்க நான் ஒரே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தைக் கேட்ட பையன் மைதானத்தில் நிற்கும் இடமோ செய்யும் காரியமோ மாறுமா? "உசிரக் குடுத்து ஆடணும்" என்பதால் எவனுடைய இடமும் மாறாது. கார்னர் திட்டால் மாறும். 1998 உலகக் கோப்பையின்போது பிரெஞ்சு அணியின் கூடவே இருந்து ஸ்தெஃபான் மெனியே எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் நம்மூரில் இன்னும் இருப்பார்கள். அதில் பயிற்சியாளர் எமே ழாக்கே, ரொபேர் பிரேஸிடம் உன் ஆட்டத்துக்குச் சதை போடு என்று கண்டிப்பார். அது பிரான்சில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அவர் சொன்ன ஒரு சாதாரண விஷயத்தை அந்த அளவுக்கு யாரும் திருப்பிச் சொல்வதில்லை: கார்னர், ஃப்ரீ கிக் நேரத்தில் பிரேசில்காரர்கள் ஆளைப் பிடிப்பதில் அவ்வளவு கறாராக இருக்க மாட்டார்கள், நகர்ந்துகொண்டே இருங்கள் என்பது. ஸிதான் தலையால் அடித்த இரண்டு கோலும் கார்னரிலிருந்து வந்தவை, ஒன்று 27-வது நிமிடத்தில், இன்னொன்று இடைவேளைக்குச் சற்று முன்னால். என் நோட்டாக இருந்தால் சதை போடும் கதை ஓரத்தில் போயிருக்கும், கார்னர் சங்கதி முதல் வரியில் இருந்திருக்கும்.

மூன்றாவது சிக்கல்தான் பேரனைக் குழப்பியது. மூன்றாவது நிமிடத்தில் கோச் சொல்கிறார்: "ரெண்டு, அவங்க பதினொன்னு உள்ள போனான்னா நீ மேல ஏறிடு, பயப்படாத." பதினான்காவது நிமிடத்தில்: "ரெண்டு, பாதிக்கோட்டத் தாண்டின, காலை ஒடிச்சிடுவேன்." ஏறவா, நிற்கவா? ஒரே ஆள் ஒரே பேச்சில் எதிரும் புதிருமாகச் சொன்னால் பெரும்பாலும் இரண்டுக்கும் வெவ்வேறு நேரம் இருக்கும். இரண்டாவது வாக்கியத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது, அதில் பேச்சு அடிபட்டுவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் பின்னால் போய்க் கேட்டேன். "நாம ஒண்ணு முன்னாடி இருந்தா, கடைசி பத்து நிமிஷம் இருக்கே, அப்ப" என்று தொடங்கியிருக்கிறார். அங்கிருந்து சொன்னதெல்லாம் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்கானது. நோட்டில் "எப்போது" பத்தியை நிரப்பியதும் சண்டை தீர்ந்தது. இருந்தாலும் கோச்சைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். "ஆமாங்கய்யா, லீடுல இருந்தா மட்டும்" என்றார். சமநிலையில் இருந்தால்? ஒரு கணம் யோசித்து, "ஏறலாம்" என்றார். இது பேச்சில் இல்லாதது, அவர் வாயால் வந்தபின் சேர்த்தேன்.

தாளை இரண்டு பாகமாக எழுதினேன். மேலே அணி முழுவதற்கும் நாலே நாலு குறிப்பு: பந்து நம்மிடம் இருக்கும்போது, அவர்களிடம் இருக்கும்போது, கை மாறும் அந்த நொடியில், கார்னர் ஃப்ரீ கிக்கின்போது. கோச் இந்தத் தலைப்புகளில் பேசவில்லை, ஆனால் அவர் சொன்ன ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றில் விழுந்தது. ஐந்தாவது எழுத இடம் இருந்தது, எழுதவில்லை. கீழே எண் வாரியாகப் பையன்கள். பேரனுக்கு இப்படி வந்தது:

2 – அவர்களுடைய 11-ஐ வெளிப்பக்கமே ஓட விடு. காலை நீட்டாதே.
6 வந்ததும் இருவரும் பூட்டு.
11 உள்ளே போனால் நீ மேலே ஏறு. ஒரு கோல் முன்னிலையில் கடைசி 10 நிமிடம் மட்டும் ஏறாதே.
நம் கார்னரில் 4-உடன் பின்னால் நில்.

"பூட்டு" என்பது கோச்சின் சொல். ஓரத்தில் வரும் ஆட்டக்காரனை இரண்டு பேர் இரண்டு பக்கமும் அடைப்பது. அதை நல்ல தமிழில் விரித்து எழுத முதலில் கை பரபரத்தது, அரசு உத்தியோகப் பழக்கம். ஆனால் மைதானத்தில் கோச் "பூட்டு" என்றுதான் கத்துவார். தாளிலும் அதே சொல் இருந்தால்தான் காதும் கண்ணும் ஒத்துப்போகும். "காலை நீட்டாதே" என்பதை அவர் சொன்னபடியே விட்டேன். என்ன செய்யக்கூடாது என்பது மட்டும் இருந்தால் பையன் திகைப்பான் என்று, என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொன்ன "வெளிப்பக்கம்" என்பதை அதற்கு முன்னால் வைத்தேன்.

எண் வாரியாக எழுதி முடித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பதினொரு பேரில் மூன்று பேருக்கு எதிரே ஒன்றுமே இல்லை: 1, 3, 8. பதிவை மறுபடி ஓட்டினேன். கோச் அந்த மூன்று பேரின் பெயரையோ எண்ணையோ ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. 3-க்கு 2-இன் வேலையையே மறுபக்கம் எழுதிவிடலாம், பொருத்தமாகத்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் அது கோச் சொன்னதாக ஆகாது. மூன்று கோட்டையும் காலியாகவே விட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுப் பேரனின் அப்பா மூலம் அனுப்பினேன்.

அன்று இரவு ஒன்பதரைக்குக் கோச் வீட்டுக்கே வந்துவிட்டார். தாளைக் கையில் மடித்து வைத்திருந்தார். "கீப்பர்கிட்ட ஒண்ணுமே சொல்லலையாய்யா நான்?" என்று கேட்டார். பதிவைப் போட்டுக் காட்டவா என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் பேனாவை வாங்கி, திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதினார். 1-க்கு: பந்தைப் பிடித்ததும் தூக்கி அடிக்காதே, 3-க்கு உருட்டு. 3-க்கு: கீப்பர் பிடித்ததும் ஓரத்துக்கு விரி. 8-க்கு வெகுநேரம் யோசித்தார். கடைசியில், "இவன் என்ன செய்யணும்னு எனக்கே இன்னும் தெரியலைங்கய்யா. காலையில அவனையே கேக்கறேன்" என்று அந்தக் கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.