உம்மாவின் காலைச் சீனி: 57 சதவீதம் சொல்லாத கதை

சண்டிலிப்பாயில் எங்கட வீட்டில் நடந்த ஒரு விசயத்தை எழுதுகிறேன். சீனி வருத்தத்தோடு தாய் தகப்பன் இருக்கிற வீடுகளுக்கு உதவும்.

உம்மாவுக்கு 72 வயது. பகலில் குளிசை, இரவு 9 மணிக்கு கலங்கல் இன்சுலின். விரல் குத்திப் பார்க்கிற மெஷின் என் போனோடு இணைந்தது. கிழமைக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ரொறன்ரோவில் இருக்கிற நானாவுக்கு அனுப்புவேன். போன மாதம் நானா பதறிப்போய் அழைத்தார். "இலக்குக்குள் 57 சதவீதம் தான் காட்டுது. காலையில எல்லாம் 200க்குக் கிட்ட. இரவு ஊசியைக் கூட்டச் சொல்லு."

நான் கணக்கு ரீச்சர். கூட்டுவதற்கு முதல் அந்த 57 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன்.

70 முதல் 180 வரை என்பதுதான் அந்த இலக்கு. ஒரு நாளின் 70 சதவீத நேரம், அதாவது கிட்டத்தட்ட 17 மணித்தியாலம், சீனி அதற்குள் நிற்க வேண்டும் என்பது பொதுவான அளவு. வயதானவர்களுக்கு பாதி நேரம் நின்றாலே போதும்; ஆனால் 70க்குக் கீழே போகவே கூடாது என்பதில் தான் கூடுதல் கவனம். ஆனால் இது கையில் ஒட்டுகிற சென்சருக்குரிய கணக்கு. அது 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும், ஒரு நாளில் 288 தடவை. நாங்கள் குத்துவது இரண்டு தடவை. ஆகவே எங்கள் 57, நேரத்தின் சதவீதம் அல்ல, குத்தின தடவைகளின் சதவீதம்.

இரண்டு கிழமை ஸ்கிரீன்ஷொட்டுகளை வைத்து கொப்பியில் பிரித்து எழுதினேன். மொத்தம் 28 அளவு, இலக்குக்குள் 16. அதில் 14 அளவு காலை வெறும் வயிற்றில் எடுத்தவை. இலக்குக்குள் வந்தது 4 தான். மற்ற 14 மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எடுத்தவை. அதில் 12 சரி, அதாவது 86 சதவீதம். நாளின் மோசமான நேரத்தில் பாதித் தடவை குத்தினால் மொத்தம் கீழே தான் வரும். அதற்காக 86ஐயும் நம்ப முடியாது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்தோ, இரவிலோ ஒரு அளவும் எங்களிடம் இருக்கவில்லை.

காலை ஏன் கூடுகிறது? அதை அறிய படுக்கும்போது, விடியப்புறம் 3 மணிக்கு, சுபஹுக்கு எழும்பி தேத்தண்ணி குடிக்க முன் என்று மூன்று இரவு குத்தினோம். முதல் இரவு 148, 131, 186. இரண்டாம் இரவு 156, 139, 192. மூன்றாம் இரவு ஒரு கலியாண வீட்டுச் சாப்பாடு, பத்து மணி தாண்டித்தான் முடிந்தது: 228, 214, 231.

கொப்பியில் இரண்டு கதை தெரிந்தது. முதல் இரண்டு இரவிலும் உம்மா நல்ல அளவோடு படுத்து, 3 மணிக்குப் பிறகு தான் ஏறியிருக்கிறார். விடியும்போது உடம்பு சுரக்கிற ஹோர்மோன்களால் ஈரல் சீனியை வெளியே விடும். அந்த ஏற்றம் இது. மூன்றாம் இரவு காலையில் பெரிதாக ஏறவில்லை, படுக்கும்போதே கூடியிருந்தது. அதற்குக் காரணம் சாப்பாடும் பிந்திய நேரமும்.

இதில் தான் என் நெஞ்சு திடுக்கிட்டது. 9 மணிக்குப் போடும் கலங்கல் இன்சுலின் நள்ளிரவு தாண்டித்தான் உச்சமாக வேலை செய்யும். 3 மணிக்கு 131இல் நிற்கிறவருக்கு ஊசியைக் கூட்டியிருந்தால், காலை 186 குறைவதற்கு முன் நடு நித்திரையில் 70க்குக் கீழே போயிருக்கலாம். காலை ஸ்கிரீன்ஷொட்டில் அது தெரிந்தும் இராது.

இன்னொன்று. நல்ல மெஷினும் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம். 186 என்றால் உண்மை 162ஆகவும் இருக்கும், 219ஆகவும் இருக்கும். அதனால் ஒரு இரவை வைத்து முடிவெடுக்காதீர்கள். கையையும் கழுவுங்கள். ஒருநாள் மாம்பழம் சீவின கையோடு குத்தி 224 வந்தது. கழுவித் துடைத்துக் குத்த 163.

அந்தக் கொப்பியை கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டொக்டர் மூன்று இரவுப் பக்கத்தைத் தான் கூட நேரம் பார்த்தார். ஊசியைக் கூட்டவில்லை. இரவுச் சாப்பாட்டை 8 மணிக்கு முன் முடித்து, கிழமையில் இரண்டு இரவு இதே மாதிரி மூன்று நேரமும் குத்தி ஒரு மாதத்தில் வரச் சொன்னார்.

இப்போது நானாவுக்கு ஸ்கிரீன்ஷொட்டோடு கொப்பிப் பக்கமும் போகிறது. நேற்று அவர் கேட்ட முதல் கேள்வி, "மூன்று மணிக்கு எவ்வளவு?"

உங்கட வீட்டு காலை அளவு கூட இருந்தால், மருந்தில் கை வைக்க முதல் அந்த மூன்று மணியை அளந்து டொக்டரிடம் காட்டுங்கள். அது 70க்குக் கீழே என்றால் உடனே சீனித் தண்ணி கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள். விடிந்ததும் கிளினிக்குக்குப் போங்கள்.