அந்தப் பில்லில் இல்லாத இலக்கம்

உறவுகளே, நம்ம ஊர்க் குழுக்களில் சுற்றும் கடைப் பில்லின் படத்தை அனுப்பி, "சேர், இது சரியா?" என்று பலர் கேட்கிறீர்கள்.

கணக்கு சரிதான். பொருளின் பெறுமதி 5,000 ரூபாய், அதற்கு 18 வீத வற் 900, மொத்தம் 5,900. (5,900க்கு 18 வீதம் பார்த்து 1,062 என்று ஒருவர் சண்டை பிடிக்கிறார். வரி 5,000க்குத்தான், தம்பி.)

பில் இலக்கம் 0147 என்று இருக்கிறது. அது கடைக்காரரின் பில் வரிசை மட்டுமே. வற் பதிவுள்ள கடைக்கு 7000 என்று முடியும் வேறொரு இலக்கம் உண்டு. படத்தில் அதைக் காணவில்லை. பதிவில்லாதவர் வற் அறவிட முடியாது.

படத்தின் மேல்பக்கம் வெட்டுப்பட்டிருக்கலாம். அதனால் கடையின் பெயரைப் போட்டு ஏசாமல், முழுப் பில்லோடு போய் அந்த இலக்கத்தைக் கேளுங்கள். காட்டாவிட்டால் 900 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள்.