இலவசத்தோட எப்படிப் போட்டி போடறது?

நகரியில தறி ஓட்டற வீட்டுப் பையன், செலவுக்கணக்கு ஆப் பண்ணியிருக்கான்.
"இதே வசதி எல்லாம் இலவச ஆப்லயும் இருக்குண்ணா. என்கிட்ட யார் காசு கொடுப்பாங்க?"ன்னான்.

அமெரிக்காவுல மின்ட்னு ஒரு ஆப். இலவசம்.
2009ல இன்ட்யூட் கம்பெனி 17 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2024 மார்ச்ல மூடிட்டாங்க.
வருஷத்துக்கு 109 டாலர் கேக்கற ஒய்நாப்ங்கற பட்ஜெட் ஆப் இன்னும் நிக்குது!

மின்ட் முடிஞ்ச செலவைக் காட்டுச்சு. கிரெடிட் கார்டு, கடன்னு சிபாரிசு பண்ணி சம்பாதிச்சுது.
ஒய்நாப் வித்தது ஒரு பழக்கத்தை. கைக்கு வந்த ஒவ்வொரு டாலருக்கும், செலவழிக்கறதுக்கு முன்னாடியே ஒரு வேலை கொடுத்துடணும்.
முதல் 34 நாள் இலவசமா பயன்படுத்த விடறாங்க. அதுக்குள்ள ஒரு மாசச் சுத்து முழுசா வந்துடுது.

தம்பி, இன்னும் வசதி சேர்க்காத. ஆளைத் தேர்ந்தெடு.
நம்ம தறி வீட்டுல கூலி வாரக் கணக்கு. பாவு தீர்ந்தா, அடுத்த பாவு வர்ற வரைக்கும் வருமானம் இல்ல. மாச பட்ஜெட் இங்க ஒட்டாது. பேங்க் எஸ்எம்எஸ் படிக்கற ஆப்புக்குக் கையில வாங்கற கூலி தெரியவே தெரியாது.
"தறி நிக்கற வாரத்துக்கும் இன்னிக்கே எடுத்து வை." இதை மட்டும் சொல்லு, தமிழ்லயும் தெலுங்குலயும்.
நாலாவது கூலி நாள்ல, நீ ஞாபகப்படுத்தாமலே திறக்கறாங்களான்னு பாரு. திறக்கலைன்னா பழக்கம் ஒட்டலைன்னு அர்த்தம்.

நகரி, புத்தூர் ஆளுங்களே, இப்படி ஒரு ஆப்புக்கு மாசம் எவ்வளவு கொடுப்பீங்க?