மெழுகு இருந்த இடம்

சுவாமிமலைப் பட்டறைகளில் சிலை வார்ப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பத்தியைத்தான் எழுதுகிறோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து உருவம் செய்யப்படுகிறது. அது எடை போடப்படுகிறது. அதன்மேல் காவிரி வண்டல் மண் பூசி நிழலில் உலர்த்தப்படுகிறது. மேலும் மண் அடுக்குகள் பூசப்பட்டு இரும்புக் கம்பியால் கட்டப்படுகிறது. சூடேற்றி மெழுகு வெளியேற்றப்படுகிறது. அச்சு தரையில் புதைக்கப்பட்டு உருக்கிய உலோகம் ஊற்றப்படுகிறது. ஆறிய பிறகு மண் உடைக்கப்பட்டு, உளியால் வேலை முடிக்கப்படுகிறது. இந்தப் பத்தியில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இதை ஒரே சிலைடில், பெயர்கள் குறித்த ஒரே படமாக மாற்றிக் காட்ட வேண்டும் என்று உட்கார்ந்தால்தான் பத்தி எவ்வளவு விஷயங்களைச் சொல்லாமல் நழுவியிருக்கிறது என்பது தெரிகிறது. பத்தியைப் படமாக்குவதைச் சுருக்கி எழுதும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது கேள்வி கேட்கும் வேலை. வாக்கியம் ஒன்றைச் சொல்லாமல் விட்டாலும் வாக்கியமாகவே நிற்கும். கோடு அப்படி நிற்காது. அச்சின் வாய் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று முடிவு செய்யாமல் அச்சை வரையவே முடியாது.

முதலில் எல்லோர் கையும் போகிற இடம் பெட்டியும் அம்பும்தான். மேலே உள்ள பத்தியில் வினைகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி போட்டு, நடுவே அம்புகளை இழுத்துவிட்டால் சிலைடு நிரம்பிவிடும். மென்பொருளும் அதை ஒரே சொடுக்கில் செய்து தருகிறது. அது படமா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு: பெட்டிக்குள் இருக்கும் சொற்களை அழித்துவிட்டுப் பாருங்கள். மிச்சமிருப்பது வெற்றுப் பெட்டிகள். அவை வார்ப்பு வேலையையும் குறிக்கலாம், ரேஷன் அட்டை விண்ணப்பத்தையும் குறிக்கலாம். முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் அம்பு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜில் லார்கினும் ஹெர்பர்ட் சைமனும் 1987இல் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரை, படம் எப்போது எழுத்தைவிட உதவும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்திகளைப் படம் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறது, அதனால் தேடுகிற வேலை குறைகிறது என்பது அவர்கள் கண்டதன் சாரம். அப்படியானால் பத்தியை வைத்துக்கொண்டு கேட்க வேண்டியது எத்தனை படிகள் என்பதல்ல. எந்தெந்தச் செய்திகளைச் சேர்த்துப் பார்த்தால் புதிதாக ஒன்று புரியும் என்பதே.

வார்ப்பில் அந்த இடம் எடை போடுகிற வாக்கியம். பத்தியில் அது ஒரு சின்னத் தகவலாகக் கடந்து போகிறது. பட்டறையிலோ அந்தத் தராசில்தான் அன்றைய செலவே முடிவாகிறது. மெழுகின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு. வெண்கலத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் எட்டு மடங்குக்கும் ஒன்பது மடங்குக்கும் இடையே. எனவே உலோகம் வழிந்தோட ஒட்டிய மெழுகுக் கம்பிகளோடு சேர்த்து உருவம் 2 கிலோ இருந்தால், அந்த இடத்தை நிரப்ப உலோகம் ஏறக்குறைய 18 கிலோ வேண்டும். ஊற்றும்போது குறைந்துபோகாமல் இருக்க அதற்கு மேலும் கொஞ்சம் உருக்கிக்கொள்வார்கள். மெழுகின் எடை உலோகத்தின் எடையை எப்படிச் சொல்லும் என்று பத்தியைப் படிப்பவருக்கு விளங்காது, ஏனென்றால் இரண்டும் நான்கு வாக்கியங்கள் தள்ளி நிற்கின்றன. மெழுகு இருந்த இடமும் உலோகம் நிற்கும் இடமும் ஒரே இடம் என்பது கண்ணில் பட்டுவிட்டால் விளக்கமே வேண்டாம். ஆகவே வரைய வேண்டியது படிகளை அல்ல. எல்லாப் படிகளிலும் மாறாமல் இருக்கும் ஒன்றை, அதாவது மண் அச்சை, நடுவே வெட்டிப் பார்த்தால் தெரியும் தோற்றத்தை வரைய வேண்டும். ஒரே குறுக்குவெட்டு மூன்று முறை: உள்ளே மெழுகு, உள்ளே வெற்றிடம், உள்ளே உலோகம். கோட்டை ஒரு முறைதான் வரைய வேண்டும். மற்ற இரண்டும் அதன் நகல். மறுபடி கையால் வரைந்து கைவிரல் கொஞ்சம் தடித்துவிட்டால், ஒரே இடம் என்ற சாட்சியமே போய்விடும்.

இங்கேதான் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கிறது. முதல் வெட்டை வரைய ஆரம்பித்தவுடன் இரும்புக் கம்பி எங்கே என்ற கேள்வி வரும். பத்தி ‘கட்டப்படுகிறது’ என்று சொல்லி நிறுத்திவிட்டது. கம்பி வெளியே தெரிகிறதா, அதன்மேலும் மண் பூசுகிறார்களா என்பதை நின்று பார்த்தால்தான் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியும். கம்பியின்மேல் இன்னொரு அடுக்கு மண் போவதைப் பார்த்தால், உருக்கிய உலோகத்தின் பாரத்தில் மண் வெடிக்காமல் தாங்கிப் பிடிக்கும் உள் எலும்பு அது என்பது விளங்கும். அடுத்தது மண். முதல் பூச்சு வழவழப்பான வண்டல்; வெளியே போகப் போக மணல் கலந்த சொரசொரப்பு. மெழுகின் நகைச் செதுக்கல்வரை பதிவெடுப்பது அந்த முதல் பூச்சுதான். படத்தில் அடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியடர்த்தி கொடுத்தால், எது நுணுக்கத்தைப் பிடிக்கிறது, எது பாரத்தைத் தாங்குகிறது என்பது பெயரைப் படிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இரண்டாம் வெட்டுக்கும் மூன்றாம் வெட்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. மெழுகு உருகி ஓட வேண்டுமானால் வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். உலோகம் ஊற்ற வேண்டுமானால் அதே வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். ஆக, சூடேறிய அச்சை யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள். அதுவும் சூடு ஆறுவதற்குள். அச்சு குளிர்ந்துபோனால் விரல் நுனி, திருவாசியின் சுடர் போன்ற மெல்லிய இடங்களை எட்டும் முன்பே உலோகம் உறைந்துவிடும். பத்தியின் ‘வெளியேற்றப்படுகிறது, புதைக்கப்படுகிறது’ என்ற இரண்டு செயப்பாட்டு வினைகளுக்கு நடுவில், கொதிக்கும் மண் கட்டியை இடுக்கியும் சாக்கும் கொண்டு புரட்டும் ஆட்களின் உழைப்பு காணாமல் போயிருக்கிறது. படத்தில் இரண்டாம் வெட்டைத் தலைகீழாக வரைந்து, அதிலிருந்து மூன்றாவதற்கு ஒரு வளைந்த அம்பு போட்டு, ‘சூடு ஆறுமுன் நிமிர்த்துதல்’ என்று எழுதிவிட்டால் அந்த ஆட்கள் திரும்பி வந்துவிடுகிறார்கள். இந்தச் சிலைடிலேயே அம்பு இந்த ஒன்று போதும். இடமிருந்து வலமாக மூன்று வெட்டுகள் நிற்கும்போது வரிசை தானாகவே தெரியும்.

பெயர்களை எழுதுவதிலும் இதே கணக்குத்தான். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் தகடுகளில் பட்டறைக் கருவிகள் அற்புதமாக வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் படத்தில் எழுத்துக்குறி மட்டும் இருக்கும், பெயரை விளக்கக் குறிப்பில் தேட வேண்டும். மடியில் வைத்துப் படிக்கும் புத்தகத்துக்கு அது சரி. சுவரில் அரை நிமிடம் நிற்கும் சிலைடில் கண் படத்துக்கும் பட்டியலுக்கும் ஓடிக்கொண்டிருந்தால் பேச்சு காதில் ஏறாது. பெயர் பொருளை ஒட்டியே இருக்க வேண்டும், ஒட்ட முடியாத இடத்தில் ஒரு மெல்லிய கோடு. தமிழில் இது கொஞ்சம் கடினம். அகலச் சிலைடு 33.87 சென்டிமீட்டர், மூன்று வெட்டுகள் போக மிஞ்சும் இடைவெளியில் ‘உருக்கிய உலோகம் ஊற்றும் வாய்’ என்பதை 24 புள்ளி அளவில் ஒரே வரியில் அடக்க முடியாது. எழுத்தைச் சிறிதாக்குவதைவிடச் சொல்லைக் குறைப்பது மேல்: ‘வார்ப்பு வாய்’. இரண்டு வரியானால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் உகரக் குறியும் கீழ் வரியின் இகரக் குறியும் முட்டிக்கொள்ளும். பொருளின் பெயரைவிட அடையாளத்தைச் சொல்லும் குறிப்பு இன்னும் பயனுள்ளது. காற்று வெளியேறும் துளைக்குப் பக்கத்தில் ‘காற்றுத் துளை’ என்று மட்டும் எழுதாமல் ‘இங்கே உலோகம் தெரிந்தால் அச்சு நிரம்பியது’ என்று எழுதினால், ஊற்றுகிறவரின் கண் எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்து தெரியும். ஈரம் மிச்சமிருந்தால் வாயில் உலோகம் கொதித்துத் தெறிக்கும் என்பதும் அப்படி ஒரு குறிப்பாகலாம். வண்ணத்தை நம்ப வேண்டாம். புரொஜெக்டர் வெளிச்சத்தில் மஞ்சள் மெழுகு வெள்ளைத் திரையில் கரைந்துபோகும். மெழுகுக்குச் சாய்கோடுகள், உலோகத்துக்கு முழுக் கருமை, வெற்றிடத்துக்கு வெறும் வெள்ளை.

இத்தனையும் ஏன், மூன்று சிலைடாகப் போட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டலாமே என்று கேட்பார்கள். படிகளை விளக்க அது போதும். ஆனால் மூன்றாவது வரும்போது முதலாவது போய்விடுகிறது. மெழுகும் உலோகமும் ஒரே வடிவம் என்பதைப் பார்வையாளர் நினைவிலிருந்து ஒப்பிட வேண்டியிருக்கும். ஒப்பீட்டுக்காக வரைந்த படத்தைப் பிரித்துக் காட்டுவதில் பொருளில்லை. படம் பொய்த் துல்லியம் தருகிறது என்பது இதைவிட வலுவான மறுப்பு. வண்டல் பூச்சு உண்மையில் மெல்லியது. படத்தில் தெரிய வேண்டுமே என்று விரல் தடிமனுக்கு வரைகிறோம். இதை மறைக்காமல் மூலையில் ‘அளவுக்கு வரையப்பட்டதல்ல’ என்று எழுதுவதுதான் நேர்மை. உலர எத்தனை நாள் என்பதை நான் படத்தில் சேர்க்கமாட்டேன். அது வெயிலையும் சிலையின் அளவையும் பொறுத்தது. எண்ணாக எழுதினால் விதியாகிவிடும், வாயால் சொன்னால் விளக்கமாக நிற்கும். பெட்டியும் அம்பும் பொருந்துகிற இடமும் ஒன்று இருக்கிறது. மண்ணை உடைத்துப் பார்க்கும்போது சிறு பள்ளம் என்றால் அடைத்துச் செப்பனிடலாம். கை முழுதாக வராமல் போயிருந்தால் புதிதாக மெழுகு பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் பழைய மெழுகு உருவமும் இல்லை, அச்சும் இல்லை. வழி இரண்டாகப் பிரிகிற அந்த முடிவைக் குறுக்குவெட்டால் சொல்ல முடியாது.

ஸ்தபதிகள் தரப்பிலிருந்து வரக்கூடிய மறுப்புக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை. வார்ப்பு ஊற்றி முடிய ஆகும் நேரம் சொற்பம். அதற்குப் பிறகு அரமும் உளியும் சுத்தியலும் கொண்டு உட்கார்ந்து முகத்தையும் ஆபரணங்களையும் துலக்குவதுதான் நாள்கணக்கில் நீளும் வேலை. என் படத்திலோ மூன்றாம் வெட்டோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. பத்தியாவது ‘உளியால் வேலை முடிக்கப்படுகிறது’ என்று மூன்று சொல்லில் அதை ஒப்புக்கொண்டது. நான்காவது வெட்டாக அதைச் சேர்த்துப் பார்த்தால் அபத்தமாக இருக்கிறது: உளி வேலை செய்வது சிலையின் தோலில், வெட்டிப் பார்த்தால் உள்ளே எதுவும் மாறவில்லை. அதற்கு வேறு சிலைடு வேண்டும். அதில் அச்சும் இருக்காது, மண்ணும் இருக்காது. மண்ணிலிருந்து வந்த கரடுமுரடான முகம் ஒரு பக்கம், அதே முகம் கண் திறந்த பிறகு மறுபக்கம், நடுவே எந்த உளி எந்தக் கோட்டை எடுத்தது என்ற குறிப்புகள். அந்தக் குறிப்புகளை எழுத மறுபடியும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.