சீட்டுக்காசும் பிரிட்ஜின் கணக்கும்

அம்மாவுக்குச் சீட்டு விழுந்தது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். அந்தக் காசுக்கு வீட்டில் இரண்டு பேர் காத்திருந்தோம். ஒன்று நான், இறுதி வருட ஆய்வுக்கட்டுரையைப் போனில் தட்டிக்கொண்டிருப்பவள், மடிக்கணினிக்காக. மற்றது எங்கள் குசினி மூலையில் நிற்கும் பழைய பிரிட்ஜ். 2004இல் அப்பா வாங்கினது. என்னைவிட வயது கொஞ்சம் கூட.

கடைக்காரத் தம்பி அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: "அன்ரி, இன்வேட்டர் பிரிட்ஜ் எடுத்தா கறண்ட் பில் பாதியாகும். மூண்டு வருசத்தில பிரிட்ஜ் காசு வந்திடும்." அம்மா அதை அப்படியே வந்து ஒப்புவித்தா. அப்பா, "இது இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்லுறன் என்று மட்டும் சொன்னேன். அந்தக் கணக்கு பிரிட்ஜுக்கு எதிராக வரவேண்டும் என்பது என் ஆசை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்துத் திட்டக்கூடாது.

நல்ல காலம், அப்பா எதையும் எறியமாட்டார். பில்கள் எல்லாம் கம்பியில் குத்தி, சாமி அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கின. இரண்டு வருடத்துப் பில்லை இறக்கினேன். முதலில் நான் செய்த பிழை, காசைப் பார்த்தது. 2025 தொடக்கத்தில் எங்கள் பில் திடீரென்று குறைந்திருந்தது. ஆஹா என்று பார்த்தால், நாங்கள் ஒன்றும் மிச்சம் பிடிக்கவில்லை. ஜனவரியில் கட்டணத்தைக் குறைத்திருந்தார்கள், யூனில் திரும்பக் கூட்டினார்கள். ஆகவே பழைய பில்லில் இருக்கும் ரூபாவை மறந்துவிட வேண்டும். எடுக்கவேண்டியது இரண்டு எண்கள்தான்: எத்தனை யூனிற், எத்தனை நாள். மீற்றர் பார்க்கிறவர் ஒரு மாதம் 27ஆம் நாளும் இன்னொரு மாதம் 34ஆம் நாளும் வருவார். நாளால் பிரித்தால்தான் ஒரு மாதத்தை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் வீடு சராசரியாக மாதம் 140 யூனிற். சரி, அதில் பிரிட்ஜ் எவ்வளவு? பில் அதைச் சொல்லாது. ஆனால் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம், இருந்தது. 2025 ஆகஸ்டில் பிரிட்ஜின் காஸ் இறங்கி, திருத்துகிறவர் வருவதற்கு 26 நாள் எடுத்தது. அந்த நாட்களில் அம்மம்மாவின் இன்சுலின் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் இருந்தது. காலையும் இரவும் வேலிப் பொட்டுக்குள்ளால் போய் எடுத்து வந்தது நான்தான்.

அந்த மாத பில் 32 நாளுக்கு 112 யூனிற். முந்திய வருடம் அதே காலத்தில் நாளொன்றுக்கு 5 யூனிற் போயிருந்தது, அப்படியென்றால் 32 நாளுக்கு 160 வந்திருக்க வேண்டும். குறைந்தது 48. அதை 26ஆல் பிரிக்க, நாளுக்கு 1.85. பிரிட்ஜ் தின்றது ஏறக்குறைய அவ்வளவுதான். முந்திய மாதத்தோடு ஒப்பிடாமல் முந்திய வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிட்டதற்குக் காரணம் மின்விசிறி. ஏப்ரல், மேயில் எங்கள் வீட்டில் விசிறி நிற்பதேயில்லை.

ஆனால் ஒரு மாதத்தை நம்பலாமா? அந்த மாதம் நான் விடுமுறையில் வீட்டில் நின்றேன், தம்பியின் உடுப்பெல்லாம் நானே அயன் பண்ணினேன். அதனால் ஒரு வாரம் இரவில் சோதித்தேன். பத்து மணிக்கு விசிறி, வைஃபை, ரீவியின் சிவப்பு லைற் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீற்றரைப் படம் எடுப்பது, காலை ஐந்து மணிக்குத் திரும்பவும் எடுப்பது. (விசிறி இல்லாத அந்த ஏழு இரவுக்கும் தம்பி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.) எங்கள் மீற்றரில் கடைசி இலக்கம் சிவப்பு, அது யூனிற்றின் பத்தில் ஒன்று. ஒரு இரவை மட்டும் பார்த்தால் அது 4ஆ 5ஆ என்று தடுமாற்றம், ஏழு இரவையும் கூட்டினால் பிழை சிறுத்துவிடும். 49 மணித்தியாலத்துக்கு 3.6 யூனிற் வந்தது. அதாவது நாளுக்கு 1.76. இரவில் யாரும் கதவு திறப்பதில்லை, குசினியும் குளிர். பகலில் இன்னும் கொஞ்சம் கூடத்தான் போகும். பில் சொன்ன 1.85உம் இதுவும் கைகுலுக்கிக் கொண்டன. 1.9 என்று வைத்துக்கொண்டேன்.

டிஜிட்டல் மீற்றர் உள்ளவர்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. அதில் ஒரு சின்ன லைற் மினுங்கும், பக்கத்தில் ஒரு யூனிற்றுக்கு எத்தனை மினுக்கல் என்று எழுதியிருக்கும். 1600 என்று இருந்து, கொம்பிறசர் ஓடும்போது நிமிடத்துக்கு நாலு தரம் மினுங்கினால், மணித்தியாலத்துக்கு 240. அது 150 வாற்ஸ்.

புதிய பிரிட்ஜின் ஸ்ரிக்கரில் வருடத்துக்கு 220 யூனிற் என்று இருந்தது, நாளுக்கு 0.6. ஆனால் அது ஆய்வுகூடத்தில் அளந்தது. எங்கள் குசினியில், தம்பி பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் கதவைத் திறந்து உள்ளே யோசித்துக்கொண்டு நிற்கிற இடத்தில், 0.8 என்று போட்டேன். ஆக மிச்சம் நாளுக்கு 1.1, மாதத்துக்கு 33 யூனிற்.

இதைக் காசாக்கும் இடத்தில்தான் நான் முதலில் தடுக்கி விழுந்தேன். 140 யூனிற்றுக்கு 4,360 ரூபா, ஆகவே ஒரு யூனிற் 31 ரூபா, 33 யூனிற் ஆயிரத்துச் சொச்சம் என்று எழுதிவிட்டேன். பிழை. எங்கள் கட்டணம் படி படியாக ஏறுவது. 2025 யூன் கட்டணத்தில், 60 யூனிற்றுக்கு மேல் பாவிக்கிற வீட்டுக்கு முதல் 60 யூனிற் 12.75 ரூபாப்படி, 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41. பிரிட்ஜை மாற்றினால் குறைவது சராசரி யூனிற் இல்லை, மேல்படியில் நிற்கிற 41 ரூபா யூனிற். அதோடு நிலையான கட்டணமும் படியோடு மாறும்: 120 வரை 1,000 ரூபா, 121ஐத் தொட்டால் 1,500. 140 யூனிற் 107 ஆகும்போது பில் 4,360இல் இருந்து 2,728க்கு இறங்குகிறது. 1,632 ரூபா. சராசரிக் கணக்கைவிட அறுநூறு ரூபா கூட! அதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. மடிக்கணினி தூரப் போவது தெரிந்தது.

எல்லா மாதமும் அப்படி வராது. 165 யூனிற் போன மாதம் 132க்கு இறங்கினாலும் அதே படிதான், நிலையான கட்டணம் அசையாது. அதனால் பன்னிரண்டு பில்லையும் முப்பது நாளுக்கு மாற்றி, ஒவ்வொன்றாக 33 யூனிற்றைக் கழித்து, அதே யூன் கட்டணத்தில் திரும்பப் போட்டேன். வருட மிச்சம் 17,300 ரூபா. பழையதைக் கொடுத்தால் 8,000 கழித்து, புதியதன் விலை 1,37,000. எட்டு வருடம். கடைக்காரத் தம்பியின் மூன்று வருடம் இல்லை. அவன் சொன்ன பத்து வருட உத்தரவாதம் கொம்பிறசருக்கு மட்டும். அட்டையில் சின்ன எழுத்தில், மற்றப் பாகங்களுக்கு இரண்டு வருடம். வோல்ற்றேஜ் ஏறி இறங்குகிற எங்கள் ஊரில் முதலில் போவது எலெக்ரோனிக் போர்ட்டாகத்தான் இருக்கும்.

அப்பா வெற்றிச் சிரிப்போடு, "பழசைக் குடுக்கத் தேவையில்லை, பின் கொட்டிலில வச்சுச் சோடா போடலாம்" என்று ஒரு யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் மிச்சமே இல்லை, மாதம் 24 யூனிற் கூடும் என்று காட்டினேன். அம்மா அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வசதி. ஆனால் பழைய பிரிட்ஜ் ஏன் இவ்வளவு தின்னுது என்று ஒரு கேள்வி இருந்தது. ஒரு கடதாசித் துண்டைக் கதவுக்கும் ரப்பருக்கும் இடையில் வைத்து மூடி இழுத்தேன். மேல்பக்கம் பிடித்தது. கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த இடத்தால் குளிர் இரவும் பகலும் வெளியே போயிருக்கிறது. பின்னால் கறுப்புக் கம்பியில் விரல் தடிப்புக்குத் தூசி, பிரிட்ஜ் சுவரோடு ஒட்டி நிற்கிறது, சூடு போக வழியில்லை. ரப்பர் மாற்றக் கூலியோடு 4,500 ரூபா. தூசி தட்டி, சுவரில் இருந்து ஒரு சாண் இழுத்துவிட்டோம். திரும்ப ஏழு இரவு, தம்பி திரும்ப வேர்த்தான்: 3.6 இருந்த இடத்தில் 2.9. அடுத்த இரண்டு பில்லும் முந்திய வருடத்தைவிட நாளுக்கு 0.4 குறைவாக வந்தன. மாதம் பன்னிரண்டு யூனிற், 41 ரூபாப் படியில் ஐந்நூறு ரூபாவுக்குக் கிட்ட. ரப்பர் காசு ஒரு வருடத்துக்குள் வந்துவிடும்.

அதன்பிறகு புதிய பிரிட்ஜால் மிஞ்சுவது நாளுக்கு 0.7 மட்டும். வருடத்துக்குப் பதினோராயிரம் சொச்சம், பன்னிரண்டரை வருடம்.

அம்மா தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்தா. "இதில இன்சுலின் எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டா. எழுதியிருக்கவில்லை. எந்தப் படியில் போடுவது அதை? இருபது வருடம் கடந்த கொம்பிறசர் எந்த இரவும் நிற்கலாம், அந்த 26 நாளும் வேலிக்குள்ளால் ஓடினது நான். பெரிய திருத்தச் செலவொன்று வந்தால் கணக்கும் மாறும். அந்தக் காசைப் புதியதன் விலையில் இருந்து கழித்துத்தான் பார்க்கவேண்டும், ஏனென்றால் எப்படியும் அது செலவழியப் போகிற காசு.

கடைசியில் 80,000 பிரிட்ஜின் பெயரில் வங்கியில் இருக்கிறது. கொம்பிறசர் போனால் திருத்துவதில்லை, அன்றைக்கே புதியது, மிச்சக் காசுக்கு அப்பா பொறுப்பு. ரப்பர் காசு போக மீதிக்கு நான் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன், இதை அதில்தான் அடிக்கிறேன். பற்றரி நிற்காது, எப்போதும் வயரோடுதான் இருக்கும். போன பில் 118 யூனிற். "அது எவ்வளவு தின்னுது?" என்று அம்மா கேட்டா. இந்த வாரம் இரவில் மீற்றரைப் படம் எடுக்க வேண்டும்.